விதிக்கு முன்னால் தொடுகோடு: பன்னிரண்டாம் வகுப்பு வகையிடல் குறித்துப் பெற்றோரும் பயிற்சி ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமைக் கணித வகுப்பு நடத்துகிறேன். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்களில் பலர் தமிழில் கணிதம் படித்தவர்கள். சந்தேகங்களையும் தமிழில்தான் அனுப்புகிறார்கள். வகையிடல் தொடங்கும் பருவத்தில் ஆண்டுதோறும் வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வளைவரைதான் திரும்பத் திரும்ப வரும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறேன்.

நான் மதுரையில் படித்தவன். xⁿ என்றால் nxⁿ⁻¹ என்று முதல் நாளே எழுதிக்கொண்டோம். என் மகள் ஒரு வாரமாகக் கோடு வரைந்துகொண்டிருக்கிறாள். நேரம் வீணாகவில்லையா?

அந்த விதியை மட்டும் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் கற்ற மாணவரிடம், "x = 3 என்ற இடத்தில் x²-இன் வகைக்கெழு 6. இந்த 6 வரைபடத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வளைவரையின் உயரத்தைக் காட்டுவார். அந்த உயரமோ 9. எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

இந்தக் குறை உடனே வெளியில் தெரிவதில்லை. முப்படிச் சார்பின் வரைபடம், பெருமம், சிறுமம், மாறுவீதம் என்று பாடம் நகரும்போது தலைகாட்டும். இங்குள்ள கேப்ஸ் பாடத்திட்டத்தில் முதல் தாளின் 150 மதிப்பெண்ணில் ஏறத்தாழ 35 வகை நுண்கணிதத்துக்கு உரியது. அதில் விதியை நேராகப் போட்டுப் பெறக்கூடியது சிறு பகுதிதான். மற்றதெல்லாம் சாய்வு என்றால் என்ன என்று தெரிந்தவருக்கே கிடைக்கும். பெருக்கல் விதியும் சங்கிலி விதியும் இந்தப் பாடத்திட்டத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் மதுரையில் மனப்பாடம் செய்த பட்டியலில் பெரும்பகுதி உங்கள் மகளுக்குத் தேவைப்படாது. விதிகள் குறைவு, அவற்றின் பொருளைத்தான் அதிகம் கேட்பார்கள்.

வேகத்திலிருந்து தொடங்கு என்கிறார்கள். எந்த உதாரணத்தை எடுப்பது?

ரோபோட் என்று இங்கே சொல்லும் போக்குவரத்து விளக்கில் பச்சை விழுந்ததும் கிளம்பும் மினிபஸ் டாக்ஸியை எடுக்கிறேன். டர்பன் பிள்ளைகளில் அதில் ஏறாதவர் குறைவு. கிளம்பி t விநாடியில் டாக்ஸி கடந்த தூரம் s மீட்டர்; முதல் எட்டு விநாடிகளுக்கு s = t² என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் எட்டாவது விநாடியில் அதன் வேகம் மணிக்கு 57.6 கிலோமீட்டர், அதாவது நகர எல்லையான 60-க்குச் சற்றுக் கீழே. உண்மையான வண்டி கியர் மாற்றும்போது கொஞ்சம் தயங்கும், இந்தச் சூத்திரம் தயங்காது. அதை வகுப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும்.

கேள்வி இதுதான்: சரியாக 3-ஆவது விநாடியில் டாக்ஸி எவ்வளவு வேகமாகப் போகிறது?

முதலில் எல்லோரும் 9-ஐ 3-ஆல் வகுத்து 3 என்பார்கள். அது முதல் மூன்று விநாடிகளின் சராசரி. வண்டி வேகம் கூடிக்கொண்டே போகிறது, ஆகவே 3-ஆவது விநாடியில் வேகம் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும் என்பதை அவர்களே சொல்வார்கள். பிறகு 3-ஆவது விநாடியிலிருந்து 4 வரை பார்க்கலாம்: 16 − 9 = 7 மீட்டர், ஒரு விநாடியில். இது சற்று அதிகம். 3-லிருந்து 3.5 வரை: 12.25 − 9 = 3.25, அதை 0.5-ஆல் வகுத்தால் 6.5. 3-லிருந்து 3.1 வரை 6.1. 3.01 வரை 6.01. இனி பின்பக்கத்திலிருந்தும் வரச் சொல்லுங்கள்: 2.9-லிருந்து 3 வரை 5.9, 2.99-லிருந்து 5.99.

இந்தப் பின்பக்கக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. முன்பக்கம் மட்டும் பார்த்தால் எண் குறைந்துகொண்டே வருகிறது என்பதோடு நின்றுவிடும். எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பிடிப்பு இல்லை. இருபக்கமும் பார்த்தால் 5.99-க்கும் 6.01-க்கும் நடுவே அந்த வேகம் சிக்கிக்கொள்கிறது. விநாடிக்கு 6 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மாற்றிக் காட்டுவதும் அவசியம். விநாடிக்கு 6 மீட்டர் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது. மணிக்கு 21 என்றால் வேகமானியின் முள் எங்கே நிற்கும் என்று உடனே தெரியும்.

தேர்வுத்தாளில் தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள், 6,01 என்று. இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர் இதை இரண்டு எண்களாகப் படித்துத் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காம்ரேட்ஸ் ஓட்டத்தை வைத்துச் சொல்லித்தரலாமே? அதுவும் வேகம்தானே?

சராசரிக்கு அது அருமையான உதாரணம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. கடைசி நிமிடத்தில் வந்து சேர்கிறவரின் சராசரி மணிக்கு 7.5 கிலோமீட்டர். அவர் தண்ணீர் மேசையில் நின்றிருப்பார், பாலி ஷார்ட்ஸ் மேட்டில் நடந்திருப்பார், சரிவில் நன்றாக ஓடியிருப்பார். ஒரு சராசரி எண் எவ்வளவு செய்திகளை மறைத்துவிடுகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

கணநேர வேகத்துக்கு வரும்போது இது உதவாது. ஓடுகிறவரின் தூரத்துக்குச் சூத்திரம் கிடையாது. இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போக நம்மிடம் எண்கள் இல்லை. இன்னும் சுருக்கினால் ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையிலேயே வேகம் ஏறி இறங்குகிறது. ஆகவே பதினோராம் வகுப்பில் சராசரிச் சாய்வு படிக்கும்போது காம்ரேட்ஸ், பன்னிரண்டில் டாக்ஸி என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வேகமானி அந்த நேரத்து வேகத்தை நேராகவே காட்டுகிறதே. பிறகு எதற்கு இந்தச் சுற்று?

என் வகுப்பில் ஒரு பையன் கேட்டது இது, நல்ல கேள்வி. பெரும்பாலான வண்டிகளில் வேகமானி சக்கரமோ கியர்ப்பெட்டியோ சுழல்வதை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. மிகச் சிறிய நேரத்தில் எத்தனை துடிப்புகள் வந்தன என்று பார்த்து வகுக்கிறது. அதுவும் ஒரு குட்டிச் சராசரிதான். நாம் தாளில் செய்ததை அது ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

சராசரிக்கும் கணநேர வேகத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல இங்கே நல்ல உதாரணம் இருக்கிறது. R61 சாலையில் பியூஃபர்ட் வெஸ்ட்டுக்கும் அபர்டீனுக்கும் இடையே சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கேமரா நுழையும் நேரத்தைக் குறிக்கும், இன்னொன்று வெளியேறும் நேரத்தை. 60 கிலோமீட்டரை ஒருவர் 27 நிமிடத்தில் கடந்தால் சராசரி மணிக்கு 133 கிலோமீட்டருக்கு மேல். எந்த நொடியில் வேக எல்லையான 120-ஐத் தாண்டினார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு நொடியில் தாண்டியே இருக்க வேண்டும். அபராதத்துக்கு அது போதும். இதைத் திருப்பிப் போட முடியாது: சராசரி 110 என்பதால் ஒருபோதும் 120-ஐத் தாண்டவில்லை என்று ஆகாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பிள்ளைகளைச் சொந்தச் சொற்களில் எழுதவைத்தால், வரைபடத்தில் இரு புள்ளிகளை இணைக்கும் வெட்டுக்கோட்டுக்கு இணையான தொடுகோடு ஒன்று இடையில் எங்கோ இருக்கும் என்பது பின்னால் எளிதாக விளங்கும்.

தொடுகோட்டைக் கையால் வரைந்தால் ஆளுக்கு ஒரு சாய்வு வருகிறது. சரியாக வரைய வழி உண்டா?

உண்டு, ஒரு சிறிய கண்ணாடி போதும். கைப்பையில் வைத்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியே சரி, ஆனால் சட்டம் இல்லாத விளிம்பு ஒன்று வேண்டும்.

முதலில் வரைபடத் தாளில் s = t² வளைவரையை t = 0 முதல் 6 வரை வரையுங்கள். கிடையச்சில் 2 செ.மீ. ஒரு விநாடி, நிலையச்சில் 1 செ.மீ. நான்கு மீட்டர். அரை விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை வளைவாக இணைக்க வேண்டும். ரூலர் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடாக இணைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் தொடுகோடு வராது, அந்தத் துண்டின் சாய்வுதான் வரும்.

இப்போது (3, 9) என்ற புள்ளியில் வளைவரைக்குக் குறுக்காகக் கண்ணாடியைத் தாளின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடிக்கு முன்னுள்ள வளைவும் கண்ணாடிக்குள் தெரியும் அதன் பிம்பமும் சந்திக்கும் இடத்தில் ஒரு முறிவு தெரியும். கண்ணாடியை மெல்லத் திருப்பத் திருப்ப முறிவு குறையும். ஒரு நிலையில் வளைவு கண்ணாடிக்குள் தடையின்றி ஓடுவதுபோல் தெரியும். அந்த நிலையில் கண்ணாடியின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுங்கள். அது செங்கோடு. அதற்கு மூலைமட்டத்தால் 90 பாகை எடுத்தால் தொடுகோடு கிடைக்கும். வெறும் ரூலரை வைத்துக் கண்ணால் மதிப்பிடுவதைவிட இது மிகவும் நம்பகமானது, ஏனென்றால் முறிவைக் கண்டுபிடிப்பதில் நம் கண் கூர்மையானது.

அடுத்தது சாய்வு. தொடுகோட்டை நன்றாக நீட்டி, பெரிய முக்கோணம் எடுக்க வேண்டும். சரியாக வரைந்தால் கோடு (1.5, 0) வழியாகவும் (5.5, 24) வழியாகவும் போகும். உயர்வு 24 மீட்டர், ஓட்டம் 4 விநாடி, சாய்வு 6. புள்ளிக்கு அருகிலேயே ஒரு செ.மீ. அளவில் முக்கோணம் எடுத்தால் பென்சில் கோட்டின் தடிமனே விடையைப் புரட்டிவிடும். பெரிய முக்கோணத்தில் என் வகுப்பு விடைகள் பெரும்பாலும் 5.6-க்கும் 6.4-க்கும் இடையில் விழுகின்றன. அதை எல்லாம் கரும்பலகையில் எழுதி, முன்பு வேகக் கணக்கில் சிக்கிய 6-ஐப் பக்கத்தில் எழுதுகிறேன். வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழும். வேகம் என்று கணக்கிட்டதும் கோட்டின் சாய்வு என்று அளந்ததும் ஒரே எண் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக வரும். முதலாவது, ரூலரால் செ.மீ. அளந்து வகுப்பது. இந்தத் தாளில் உயர்வு 6 செ.மீ., ஓட்டம் 8 செ.மீ.; வகுத்தால் 0.75. ஒருவர் விடை 0.75 என்று வந்தால் கணக்கைப் பார்க்கவே வேண்டாம், அச்சு அளவுகளைப் படிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். இரண்டாவது, கொஞ்சம் நுட்பமானது. பகுமுறை வடிவியலில் நன்றாகப் படித்த பிள்ளை, செங்கோட்டின் சாய்வை அச்சுகளிலிருந்து படித்து, இரு சாய்வுகளின் பெருக்கம் −1 என்று போட்டுத் தொடுகோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். இரண்டு அச்சிலும் ஒரே அளவு இருந்தால்தான் அது செல்லும். நம் தாளில் அச்சுகளின் அளவு வேறு வேறு. தாளில் செங்குத்தாக இருக்கும் கோடு எண்களில் செங்குத்தாக இருக்காது. ஆகவே செங்கோணத்தைத் தாளின்மேல் மூலைமட்டத்தால்தான் எடுக்க வேண்டும்.

பதினோராம் வகுப்பில் வட்டத்தின் தொடுகோடு ஒரே புள்ளியில் தொடும் என்று படித்தார்கள். அதையே சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். வட்டத்துக்கு அது சரி, வளைவரைக்கு இரண்டு வழியிலும் பொய்த்துப்போகும். y = x³ வளைவரைக்கு (1, 1)-இல் தொடுகோடு y = 3x − 2. அது (−2, −8) என்ற இடத்தில் அதே வளைவரையை மறுபடி வெட்டுகிறது; ஆனாலும் தொடுகோடுதான். மறுபுறம், x = 1 என்ற நிலைக்குத்துக் கோடு y = x² பரவளையத்தை ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது; அதைத் தொடுகோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"தொடும், வெட்டாது" என்ற விளக்கமும் நிற்காது. y = x³ வளைவரைக்கு ஆதிப்புள்ளியில் x-அச்சே தொடுகோடு; வளைவரை அதைக் கீழிருந்து மேலாகக் கடந்து போகிறது.

நான் சொல்வது இப்படி: புள்ளியைச் சுற்றிப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், வளைவரை எந்த நேர்க்கோட்டைப்போல் ஆகிவிடுகிறதோ, அதுவே தொடுகோடு. ஜியோஜிப்ரா வரைபட மென்பொருளில் (3, 9)-ஐ நடுவில் வைத்துப் பெரிதாக்கினால் சில தடவையிலேயே திரையில் நேர்க்கோடுதான் தெரியும். பிறகு y = |x| சார்பை ஆதிப்புள்ளியில் பெரிதாக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த V எழுத்து அப்படியே நிற்கும். அங்கே தொடுகோடு இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சார், முதலில் h பூச்சியமல்ல என்று வகுக்கிறீர்கள். அடுத்த வரியில் h-க்குப் பூச்சியம் போடுகிறீர்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

நல்ல துணையோடுதான் இந்தச் சந்தேகத்தைக் கேட்கிறாய். 1734-இல் ஆயர் ஜார்ஜ் பெர்க்லி நியூட்டனின் முறையைப் பார்த்து இதைத்தான் கேட்டார். அவருக்கு ஒழுங்கான பதில் கிடைக்க 19-ஆம் நூற்றாண்டு வரை ஆனது.

முன்பு போட்ட வேகக் கணக்குகளைத் திரும்பிப் பார். இடைவெளி 1 என்றபோது 7, 0.5 என்றபோது 6.5, 0.1 என்றபோது 6.1, 0.01 என்றபோது 6.01. பின்பக்கம் −0.1 என்றபோது 5.9. ஒவ்வொரு விடையும் 6-உடன் இடைவெளியைக் கூட்டியதுதான். இதை நீயே கவனித்துச் சொல்லும்வரை நான் h என்ற எழுத்தைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. இப்போது இயற்கணிதம் அதை எல்லா இடைவெளிக்கும் ஒரேயடியாகச் சொல்கிறது:

```
[(3 + h)² − 9] / h
= (6h + h²) / h
= 6 + h        (h ≠ 0)
```

வகுத்தபோது h பூச்சியமல்ல. கடைசிவரை பூச்சியமாக ஆவதும் இல்லை. நாம் கேட்பது வேறு: h பூச்சியத்தை நெருங்கும்போது 6 + h எந்த எண்ணை நெருங்குகிறது? 6-க்கு 0.001-க்குள் வரவேண்டுமா, h-ஐ 0.001-ஐவிடச் சிறியதாக எடு. இன்னும் நெருக்கமாக வேண்டுமா, இன்னும் சிறியதாக எடு. நீ எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் தரமுடிகிற எண் 6 ஒன்றுதான். அந்த எண்ணைத்தான் 3-ஆவது விநாடியின் வேகம் என்று அழைக்கிறோம். கடைசி வரியில் h-க்குப் பூச்சியம் போட்டதுபோல் தெரிவது ஒரு குறுக்குவழி. 6 + h போன்ற கோவைக்கு அது எப்போதும் சரியான எல்லையைத் தருகிறது. அதையே முதல் வரியில் போட்டுப் பார், 0/0 வரும், எந்தச் செய்தியும் கிடைக்காது.

எழுதும்போது lim என்ற எல்லைக் குறியை h-க்கு மதிப்புப் போடும் வரிவரை ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும், போட்டபின் எழுதக்கூடாது. இதைக் குறியீட்டுச் சடங்கு என்று நினைத்து விடுகிறவர்கள் தேர்வில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

h-ஐ எவ்வளவு சிறியதாக எடுத்தால் சரியான விடை வரும்? கால்குலேட்டரில் 10⁻²⁰ போட்டேன், 0 வந்தது.

கால்குலேட்டர் குறிப்பிட்ட இலக்கங்களைத்தான் மனத்தில் வைக்கும். 3-உடன் 10⁻²⁰-ஐக் கூட்டினால் அதற்கு அது வெறும் 3. 9-லிருந்து 9-ஐக் கழித்து 0 என்கிறது. h = 0 என்றே போட்டால் `Math ERROR` என்று சொல்லிவிடும், அதுவாவது இதைவிட நேர்மை. 0.001 வரை போனால் போதும், மிச்சத்தை இயற்கணிதம் பார்த்துக்கொள்ளும்.

முதல் கொள்கைகளிலிருந்து, அதாவது h வைத்து எல்லை எடுத்து, கண்டுபிடிக்கச் சொன்னால் என் மகனுக்கு எல்லாச் சார்புக்கும் விடை 1 என்று வருகிறது. எங்கே பிழை?

அவன் f(x + h) என்பதை f(x) + h என்று எழுதுகிறான். அப்படி எழுதினால் f(x) கழிந்துபோய் h/h மிஞ்சும். எந்தச் சார்பானாலும் 1. டாக்ஸிக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். 3 + h என்பது ஒரு நேரம். அந்த நேரத்தில் கடந்த தூரம் (3 + h)². 9 + h என்பது அவனுடைய h விநாடியை மீட்டராக்கித் தூரத்தோடு கூட்டுவது. அலகைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். வெறும் x-இல் தொடங்கினால் இந்தப் பிடி கிடைக்காது.

அப்படியானால் விதியை எப்போதுதான் சொல்வது?

சொல்லவேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. t = 3 முடிந்ததும் வகுப்பைப் பிரித்து, ஆளுக்கு ஒரு நேரத்தைக் கொடுக்கிறேன். 1-இல் சாய்வு 2, 2-இல் 4, 3-இல் 6, 4-இல் 8. நேரத்தைப்போல் இரண்டு மடங்கு என்பதை யாராவது சொல்லிவிடுவார்கள். பிறகு 3-க்குப் பதில் x என்று வைத்து அதே மூன்று வரிகளை எழுதினால் 2x வந்து நிற்கிறது. அதுவரை ஒரு புள்ளியில் கிடைத்த எண், இப்போது எல்லாப் புள்ளிக்கும் சாய்வைத் தரும் புதிய சார்பாகிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் கொடுங்கள். இதைத் தாவிச் சென்ற பிள்ளைதான் பின்னால் தொடுகோட்டின் சமன்பாட்டை y = 2x·x + c என்று எழுதிவைக்கும்.

அடுத்து x³: 1-இல் 3, 2-இல் 12, 3-இல் 27. மூன்றால் வகுத்துப் பார்த்தால் 1, 4, 9. இங்கே வகுப்பே விதியை ஊகித்துவிடும், x⁴-க்கு 4x³ என்று கேட்காமலே சொல்லும். ஊகம் நிரூபணம் ஆகாது. (x + h)ⁿ-ஐ விரித்தால் இரண்டாவது உறுப்பு nxⁿ⁻¹h, அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் h² அல்லது மேல். xⁿ-ஐக் கழித்து h-ஆல் வகுத்தபின் எல்லையில் nxⁿ⁻¹ மட்டும் தப்பிக்கிறது என்று காட்டினால் முழு எண் அடுக்குகளுக்குப் போதுமானது. 1/x-ஐத் தனியாக ஒருமுறை செய்துவிடுங்கள்: x = 2-இல் −1/4 வரும், விதியும் அதையே சொல்லும்.

விதி கிடைத்த அன்றே அதன் எல்லையையும் காட்டிவிடுகிறேன். 2ˣ-க்கு x·2ˣ⁻¹ என்று யாராவது எழுதுவார்கள். x = 0-இல் அது 0 தரும்; அப்படியென்றால் வளைவரை அங்கே தட்டையாக இருக்க வேண்டும். வரைந்து பார்த்தால் அது ஏறிக்கொண்டிருக்கிறது. கால்குலேட்டரில் (2⁰·⁰¹ − 1)/0.01 போட்டால் ஏறத்தாழ 0.696. மாறி அடியில் இருந்தால் ஒரு விதி, அடுக்கில் இருந்தால் அது பொருந்தாது. இதைச் சொல்ல ஒரு கோடும் ஒரு வகுத்தலும் போதுமாக இருந்தன. தொடுகோட்டில் தொடங்கியதன் பயன் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

பாடத்திட்டம் இந்தப் பகுதி முழுவதற்கும் ஏறத்தாழ மூன்று வாரம் தருகிறது. முதல் வாரக் கடைசியில் விதி வந்துவிட்டால் அவசரம் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டதா, மனப்பாடம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கணிதம் படித்தவள் இல்லை.

அம்மா, ஒரே ஒரு கேள்வி தருகிறேன். விடையையும் தருகிறேன், நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

டாக்ஸி ரோபோட்டில் கிளம்பும் அதே நொடியில், ஒரு சைக்கிள்காரர் நிற்காமல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அதைக் கடந்து போகிறார். அவர் தூரம் s = 4t, டாக்ஸியின் தூரம் s = t². இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். கோடும் வளைவரையும் t = 4-இல் வெட்டிக்கொள்ளும். இப்போது, "இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போவது எப்போது?" என்று கேளுங்கள்.

வெட்டும் இடத்தைக் காட்டி 4 என்று சொன்னால் புரியவில்லை. அங்கே தூரம்தான் சமம். டாக்ஸி அந்த நொடியில் 8-இல் பறக்கிறது, சைக்கிள் இன்னும் 4-இல்தான். உயரத்தையும் சாய்வையும் குழப்பிக்கொள்வது இந்தப் பாடத்தின் நிரந்தர நோய். படத்தைச் சாலையென்றே எண்ணி, "டாக்ஸி மேடு ஏறுகிறது" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை இன்னும் பின்னாலிருந்து, அச்சுகள் எதைக் குறிக்கின்றன என்பதிலிருந்து தொடங்கவைக்க வேண்டும்.

2 என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். "2t = 4, ஆகவே 2" என்றால் விதி தெரியும் என்று மட்டும் அர்த்தம். ரூலரைச் சைக்கிள்காரரின் கோட்டுக்கு இணையாகவே வைத்துக்கொண்டு கீழே நகர்த்தி, டாக்ஸியின் வளைவரையைத் தொடும் இடத்தைக் காட்டினால் உண்மையாகவே புரிந்திருக்கிறது.

அப்படிக் காட்டிய பிள்ளையிடம் இன்னொன்றும் கேட்கலாம்: சைக்கிள்காரர் டாக்ஸியைவிட அதிக தூரம் முந்தியிருப்பது எப்போது? விடை அதே 2-ஆவது விநாடிதான், இடைவெளி 4 மீட்டர். அதற்கு முன் டாக்ஸி மெதுவாகப் போவதால் இடைவெளி விரிகிறது, பின்பு டாக்ஸி வேகமாகப் போவதால் சுருங்குகிறது. வேகங்கள் சமமாகும் நொடியில் இரண்டுமில்லை. 4t − t²-இன் சாய்வு அங்கே பூச்சியம். பெருமம் சிறுமம் என்ற அடுத்த பாடத்தின் முதல் கணக்கை அந்தப் பிள்ளை இப்போதே போட்டு முடித்துவிட்டது.